பணம் இருந்தும் தவணை திரும்பியதா? தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி கேட்பது எப்படி

கேள்வி: ''மினி டிராக்டருக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கியிருக்கிறேன். மாதத் தவணை 9,850 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் மாதம் கணக்கில் பணம் இருந்தும் தவணை திரும்பிவிட்டது. கே.ஒய்.சி. காகிதங்களை ஜூலையிலேயே கொடுத்திருந்தேன். வங்கியில் அதைப் பதிவு செய்யாமல் விட்டதால், கணக்கையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். இப்போது ஃபைனான்ஸ் கம்பெனி தவணை திரும்பியதற்கு 590 ரூபாய், தாமதக் கட்டணம் 500 ரூபாய் கேட்கிறது. நான் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்துள்ளேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்.''

- ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தோம். ''பணம் இருந்தும் அபராதம் போடுவது அநியாயம். ஏழை விவசாயியை ஏமாற்றுகிறீர்கள். உடனே ரத்து செய்யாவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன்'' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால், கோபப்பட வேண்டிய இடம் ஃபைனான்ஸ் கம்பெனி அல்ல. அவர்களைப் பொறுத்தவரை 5-ம் தேதி கேட்ட பணம் வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கடிதத்தில் கடன் எண் இல்லை, தேதி இல்லை, தவறு வங்கியுடையது என்பதற்கு ஆதாரமும் இல்லை. இப்படிப்பட்ட கடிதத்தை வைத்துக்கொண்டு கிளை மேலாளர் நினைத்தாலும் தள்ளுபடிக்குப் பரிந்துரை செய்ய முடியாது.

எனவே, முதலில் போக வேண்டிய இடம் உங்கள் வங்கிக் கிளை. பாஸ்புக் மட்டும் போதாதா என்று கேட்கலாம். அன்றைக்குக் கணக்கில் பணம் இருந்தது என்பதைத்தான் பாஸ்புக் காட்டும். தவணை ஏன் திரும்பியது என்பதை அது சொல்லாது. அதற்கு வங்கியின் கடிதம் வேண்டும். ''ஜூலை 22 அன்று வாடிக்கையாளர் கே.ஒய்.சி. காகிதங்களைக் கொடுத்தார். எங்கள் கிளையில் பதிவு செய்யத் தாமதமானதால் கணக்கு நிறுத்தப்பட்டு, ஆகஸ்ட் 5 அன்று தவணை திரும்பியது. ஆகஸ்ட் 8 அன்று நிறுத்தம் நீக்கப்பட்டது'' என்று முத்திரையுடன் எழுதித் தரக் கேளுங்கள். காகிதம் கொடுத்தபோது வாங்கிய ஒப்புகைச் சீட்டைக் காட்டினால், மறுக்க வழியிருக்காது. வாய்வார்த்தையாக, 'எங்கள் தவறுதான்' என்று சொன்னால் அது எதற்கும் உதவாது.

அது கைக்கு வந்த பிறகு, ஃபைனான்ஸ் கம்பெனிக்கு இப்படி எழுதுங்கள்.

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (கம்பெனியின் பெயர், கிளை முகவரி)

பொருள்: கடன் எண் ........ - ஆகஸ்ட் மாதத் தவணைக்கான கட்டணங்களைத் தள்ளுபடி செய்ய வேண்டுதல்.

ஐயா, வணக்கம்.

மேற்கண்ட எண்ணில் மினி டிராக்டர் கடன் பெற்றுள்ளேன். இதுவரை 17 தவணைகளை உரிய தேதியில் செலுத்தியுள்ளேன்.

ஆகஸ்ட் 5 அன்று 18-வது தவணை 9,850 ரூபாய் என் வங்கிக் கணக்கிலிருந்து திரும்பியது. அன்று என் கணக்கில் 16,420 ரூபாய் இருப்பு இருந்தது. வங்கி என் கே.ஒய்.சி. விவரங்களைப் பதிவு செய்யத் தாமதித்ததால் கணக்கு நிறுத்தப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். இதை வங்கியே எழுத்து மூலம் உறுதி செய்துள்ளது. நிறுத்தம் நீங்கிய ஆகஸ்ட் 8 அன்றே தவணையைத் தங்கள் அலுவலகத்தில் செலுத்திவிட்டேன்.

இது ஒருமுறை மட்டும் நேர்ந்தது. கணக்கு இப்போது சரியாக இயங்குகிறது. எனவே, தவணை திரும்பியதற்கான 590 ரூபாயையும் தாமதக் கட்டணம் 500 ரூபாயையும் தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த 3 நாள் தாமதம் என் கடன் வரலாற்றில் பதிவாகியிருந்தால், அதையும் திருத்தித் தர வேண்டுகிறேன். தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இணைப்பு: 1. வங்கியின் கடிதம் 2. ஆகஸ்ட் 1 முதல் 8 வரையிலான கணக்கு விவரம் 3. கே.ஒய்.சி. ஒப்புகைச் சீட்டு 4. ஆகஸ்ட் 8 அன்று பணம் கட்டிய ரசீது.

இப்படிக்கு, (பெயர், கையொப்பம், முகவரி, செல்போன் எண்)

அவ்வளவுதான், ஒரே பக்கம். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் இணைப்பு இருக்கிறது. '17 தவணைகள்' என்ற வரிக்கு மட்டும் தனிக் காகிதம் வேண்டாம். அது கம்பெனியின் கணக்கிலேயே இருக்கும். இது வழக்கமாகத் தாமதிக்கும் ஆள் அல்ல என்று காட்டும் வரி அது. தள்ளுபடி கொடுப்பது கம்பெனியின் கட்டாயக் கடமை அல்ல. அதனால்தான் 'கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறோம். கடன் வரலாறு பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். 1,090 ரூபாயைவிட, அடுத்த கடன் கேட்கும்போது 'தாமதம்' என்று காட்டும் அந்தப் பதிவுதான் அதிகம் தொந்தரவு கொடுக்கும்.

கடிதத்தை நேரில் கொடுத்தால், நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். அசல் காகிதங்களைக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். தவணையை நேரில் கட்டிவிட்டீர்கள் என்பதால், அதே தவணையை மறுபடியும் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்க அனுப்பாதபடி அவர்களிடம் சொல்லி வையுங்கள். சில நேரங்களில் திரும்பிய தவணையை இரண்டாம் முறை அனுப்பிவிடுவார்கள். ஒரே மாதத்தில் இருமுறை பணம் போய்விடும்.

தவணை திரும்பியதற்காக உங்கள் வங்கியும் ஒரு கட்டணம் பிடித்திருக்கலாம். பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்திருந்தால், அதைத் திருப்பி வரவு வைக்கச் சொல்லி வங்கிக்குத் தனிக் கடிதம் கொடுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி தள்ளுபடி செய்ய மறுத்தால், அந்த 1,090 ரூபாயையும் வங்கியிடமே கேளுங்கள். நஷ்டம் வங்கியின் தவறால் வந்தது. புகார் கொடுத்து 30 நாள்களில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். இணையத்தில் cms.rbi.org.in என்ற முகவரியில் புகாரைப் பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அங்கும் முதலில் கேட்பது, வங்கிக்கு நீங்கள் கொடுத்த புகாரின் நகலைத்தான்.

இன்னொன்று. தள்ளுபடி பற்றி முடிவு வரும்வரை, தாமதக் கட்டணத்தின் மேல் வட்டி போடுகிறார்களா என்று கடன் கணக்கு விவரத்தில் பாருங்கள். அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது.

மற்ற வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தக் கடிதம், தவறு முழுக்க வங்கியுடையதாக இருந்தால் மட்டுமே செல்லும். தவணைத் தேதியன்று மதியம் பால் பணம் வந்து, காலையிலேயே தவணை திரும்பியிருந்தால் அது வங்கியின் தவறு அல்ல. கணக்கு விவரத்தில் பணம் வந்த வரிசையைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். அப்போது ஆதாரம் காட்டிக் கேட்க முடியாது. நல்ல முறையில் கட்டிவந்ததைச் சொல்லி, சலுகையாக மட்டுமே கேட்க முடியும். தவணைத் தேதிக்கு முதல் நாளே பணம் கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.