வடிகிற தண்ணீர் விளைச்சல் அல்ல, முறைப்பாடு



மாடிப் பல்கனியில் மண்புழு வாளி வைத்திருக்கிறவர்கள் சந்தித்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "எங்கட வாளியில கிழமைக்கு ஒரு போத்தல் தண்ணி வடியுது, உங்கட வாளியில எவ்வளவு?" கூட வடிந்தால் புழு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து, அந்தக் கறுப்புத் தண்ணீரை மிளகாய், புதினா, வல்லாரை என்று எல்லாச் சாடிக்கும் ஊற்றுகிறார்கள். எங்களுடைய கருத்து இதற்கு நேர் எதிரானது. நன்றாக நடக்கிற வாளியில் மிகக் குறைவாகத்தான் வடியும். போத்தல் கணக்கில் வடிந்தால், சாப்பாடு கூடிவிட்டது என்று வாளி முறையிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 லீற்றர் பெயின்ற் வாளி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் வாளியின் அடியில் துளை போட்டு, 250 கிராம் புழு விட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகி நிலைத்த புழு ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறையப் பாதியைத் தின்னும். அதாவது 125 கிராம். புதிதாக விட்ட முதல் மாதத்தில் அதிலும் பாதி, 60 கிராம் போதும். அது ஒரு சிறங்கைக்கும் குறைவு. நாலு பேர் உள்ள வீட்டுக் குசினியிலோ மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, தேங்காய்ச் சக்கை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரைக் கிலோ சுலபமாக வரும். ஆகவே அந்த ஒரு வாளி, வீட்டுக் கழிவில் கால்வாசியைத்தான் ஏற்கும். மிச்சத்துக்கு இன்னொரு வாளியோ, வாழையடிக் குழியோ வேண்டும். இதை ஏற்றுக்கொள்ளாமல் முழுவதையும் உள்ளே தள்ளுவதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

நோன்பு காலத்தில் இது நன்றாகத் தெரியும். இஃப்தாருக்கு வத்தகப்பழம் வெட்டுகிறோம், ஒரு கிலோ தோல் மிஞ்சுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தோல் அழுகும்போது கிட்டத்தட்ட 900 மில்லிலீற்றர் தண்ணீர் வெளியே வரும். உள்ளே கிடக்கும் கடதாசி கொஞ்சத்தை உறிஞ்சும், மற்றது கீழ் வாளிக்குப் போகும். அது புழுவின் வயிற்றுக்குள் போய் வந்த தண்ணீர் இல்லை, அழுகிய தோலின் சாறு. மேலே இடமெல்லாம் தண்ணீர் நிறைந்து காற்றுப் போகாதபடியால் புளித்த நாற்றம் வரும், புழுக்கள் மூடியை நோக்கி ஏறும். மூடியின் உட்புறத்தில் புழு கூட்டமாக நின்றால், கீழே இருக்க முடியவில்லை என்று அர்த்தம்.

சரிக்கட்டுவது கடினம் இல்லை. சாப்பாடு போடுவதை ஒரு கிழமைக்கு நிறுத்துங்கள். நாறும் தோலை எடுத்து வெளியே போடுங்கள். கிழித்த மட்டைப்பெட்டி, பத்திரிகைக் கடதாசி, காய்ந்த இலை, கழுவிய தும்பு, இதில் எது இருக்கிறதோ அதைக் கையால் மெதுவாகக் கலந்துவிடுங்கள். கீழ் வாளியை வெறுமையாக்குங்கள். பிறகு ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு துளி வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் கடதாசி வேண்டும். ஒன்றுமே வராமல் உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பழக்கமாக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு சிரட்டை ஈரக் கழிவு போட்டால், அதே சிரட்டையால் ஒரு சிரட்டை உலர்ந்த கடதாசியோ இலையோ போடுங்கள். பழைய சாப்பாடு பெரும்பாலும் மறைந்த பிறகே புதியது போடுங்கள். எங்கட ஊர்க் குசினியில் கவனிக்க வேண்டியது தேங்காய்ச் சக்கை. அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் குவியலாகப் போட்டால் சூடேறும், புளிக்கும், எறும்பும் வரும். ஒரு நேரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி, அதையும் பரவலாகப் போட்டால் போதும். தேசிக்காய்த் தோலும் வெங்காயமும் கொஞ்சம். உப்புப் போட்ட கறி, மீன், இறைச்சி எதுவும் வேண்டாம். முட்டைக்கோதை இடித்துத் தூவினால் புளிப்புக் குறையும்.

இனித் தண்ணீர் விஷயம். சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் பரப்பிய "மண்புழுக் குளியல் நீர்" பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு. அதற்கு அடியில் கல், அதன்மேல் மணல், மண், பிறகு சாணமும் வைக்கோலும் அடுக்கி, புழுக்கள் நன்றாக வாழ்ந்து துளையிட்ட பிறகு, மேலிருந்து இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் காலையில் எடுக்கிறார்கள். புழு வாழ்ந்த துளைகளைக் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர் அது. எங்கட வாளியில் தானாக வடிகிறது அதே பெயருக்கு உரியது அல்ல. அதில் பாதி அழுகிய கழிவின் அமிலமும் உப்பும் இருக்கலாம். நோய்க்கிருமியும் இருக்கலாம், அதை மணந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. மண்வாசனை மட்டும் வருகிற சிறிதளவு தண்ணீர் என்றால், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, அன்றைக்கே, இலையில் படாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். செவ்வரத்தை, ரோசா போன்ற பூச்சாடிகளுக்கு அது சரி. வல்லாரை, புதினா, கொத்தமல்லிக்கு வேண்டாம். சம்பலுக்குப் பச்சையாக அரைத்து உண்கிற இலை அது, அடுப்பில் வேகாது. எடுத்து வைத்துப் பிறகு பாவிப்போம் என்று போத்தலில் இறுக்கி மூடவும் கூடாது. உள்ளே வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கலாம். பிள்ளைகள் தேத்தண்ணீர் என்று எடுத்துவிடவும் கூடும். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நாறுகிற தண்ணீரை எந்தச் சாடிக்கும் ஊற்ற வேண்டாம். முற்றத்தில் கிணற்றுக்குத் தள்ளி, காய்ந்த இலைக் குவியல் மேல் பரவலாக ஊற்றிவிடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரால் என்ன வரும் என்று கேட்பீர்கள். கீரிமலைக் கேணிக்கு வருகிற நன்னீர் சுண்ணக்கல் வெடிப்புகளூடாக நிலத்துக்குக் கீழால் வருவது. எங்கட கிணறுகளும் அதே கல்லில்தான் இருக்கின்றன. மேலே மண் குறைவு, ஊற்றியது வடிகட்டப்படாமல் சீக்கிரம் கீழே இறங்கும். யாழ்ப்பாணக் கிணறுகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று கூடியிருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கிணற்றடியில் ஊற்றுகிற பழக்கம் சின்ன அளவிலும் வேண்டாம்.

புதினாவுக்கும் மிளகாய்க்கும் என்ன கொடுப்பது என்றால், அந்த வாளியின் உண்மையான விளைச்சலைக் கொடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, தேயிலைத்தூள் மாதிரி உதிர்ந்து, போட்ட தோல் எதுவும் அடையாளம் தெரியாமல் வருகிற உரம்தான் அது. சாடி மண் நாலு பங்குக்கு உரம் ஒரு பங்கு, நடுவதற்கு முன்பே கலந்துவிடுங்கள். நிற்கிற செடி என்றால் ஒரு பிடியை அடியில் போட்டு மண்ணால் மூடுங்கள்.

ஆகவே அடுத்த முறை சந்திக்கும்போது எத்தனை போத்தல் வடிந்தது என்று கேட்காதீர்கள். பிழிந்து பார்த்தபோது எத்தனை துளி வந்தது என்று கேளுங்கள்.