‘ஒரே தடவை கட்டினா போதும்’ என்று விற்ற பாலிசி: 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

ஆத்தூர் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் 52 வயது விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிழங்கு சேகோ ஆலைக்குப் போய், பணம் கைக்கு வந்திருக்கிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். “பேங்க் டெபாசிட் மாதிரித்தாங்க. ஒரே தடவை ஒரு லட்சம் போடுங்க, அஞ்சு வருஷத்துல ரெட்டிப்பா வந்துரும்” என்கிறார். போனுக்கு ஓடிபி வருகிறது, அதையும் சொல்லியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்து, அப்பாவின் போனில் கிடக்கும் பிடிஎஃப்-ஐத் திறந்து பார்க்கிறார். அது டெபாசிட் அல்ல, ஆயுள் காப்பீட்டு பாலிசி. வருஷம் ஒரு லட்சம் வீதம் 10 வருஷம் கட்ட வேண்டும். 15 வருஷம் முடிந்த பிறகுதான் முதிர்வுத் தொகை.

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால் ‘ஒரே தடவை’ என்று விற்கப்பட்டு ‘ஆண்டுதோறும்’ என்று அச்சாகி வரும் பாலிசி, காப்பீட்டுப் புகார்களில் அடிக்கடி வருகிற கதை. இந்த நிலையில் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது ஏஜென்ட்டுக்கு ஒரு போன். அதில்தான் பல பேர் நாளைக் கோட்டை விடுகிறார்கள்.

ஆயுள் காப்பீடோ, மருத்துவக் காப்பீடோ, ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாலிசி எடுத்தவருக்கு, ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ‘ஃப்ரீ லுக்’ காலம் உண்டு. முன்பு இது பொதுவாக 15 நாளாக இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் கொண்டுவந்த பாலிசிதாரர் பாதுகாப்பு விதிமுறைகள் அதை எல்லாருக்கும் 30 ஆக்கின. இந்தக் காலத்துக்குள் விதிமுறைகளைப் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குள் க்ளெய்ம் எதுவும் கேட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஏஜென்ட் பொய் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை என்பது. காரணத்தைக் குறிப்பிட வேண்டும். ஆனால் “எனக்குச் சொல்லப்பட்டதும் பாலிசியில் உள்ளதும் வேறு, இந்த நிபந்தனைகள் எனக்கு ஏற்புடையவை அல்ல” என்ற ஒரு வரியே போதும். 31-வது நாள் இதே குடும்பம் இதே விஷயத்தைச் சொன்னால், கதை முழுசாக மாறிவிடும். அப்போது நிறுவனம் எடுத்து வைக்கும் ஆதாரங்கள் எல்லாம் அப்பாவுக்கு எதிராகவே இருக்கும். ஓடிபி கொடுத்து ஒப்புக்கொண்ட விண்ணப்பம், கையெழுத்தான வருமான விளக்கப் பட்டியல், “10 வருஷம் கட்டணும்னு தெரியுமா சார்?” என்று கேட்ட சரிபார்ப்பு அழைப்பின் ஒலிப்பதிவு. ‘கம்பெனியிலிருந்து கூப்பிடுவாங்க, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிருங்க’ என்று சொல்லிக் கொடுத்தது அந்தப் பதிவில் இருக்காது. 30 நாளுக்குள் இந்த ஆதாரங்கள் எதற்கும் வேலையில்லை.

எனவே முதல் வேலை, நாள் கணக்கு. பாலிசிகள் இப்போது மின்னணு வடிவில் வருவதால், ஈமெயிலில் வந்து சேர்ந்த நாளே கணக்கின் தொடக்கம். நீங்கள் எப்போது திறந்து பார்த்தீர்கள் என்பது அல்ல. நம் எடுத்துக்காட்டில் ஜூன் 2 பணம் கட்டியாகிறது, ஜூன் 6 காப்பீடு தொடங்குகிறது, ஜூன் 9 பாலிசி ஈமெயிலில் வருகிறது. மறுநாளை முதல் நாளாக எண்ணினால் ஜூலை 9-ம் தேதியோடு 30 நாள் முடிகிறது. மகன் பார்த்தது ஜூன் 24. இன்னும் 15 நாள் இருக்கிறது, ஆனால் கடைசி நாள் வரை காத்திருப்பது வீண் ரிஸ்க்.

ஒரு கோளாறு இங்கே சகஜம். விண்ணப்பத்தில் அப்பாவின் ஈமெயில் இருக்க வேண்டிய இடத்தில் ஏஜென்ட் தன்னுடையதையோ, யாருடையது என்றே தெரியாத ஒன்றையோ போட்டு வைத்திருப்பார். பாலிசி அங்கே போய்த் தூங்கும், நாளும் ஓடும். அவகாசத்தை 15-லிருந்து 30 ஆக்கியது நல்ல மாற்றம்தான். ஆனால் ஆவணம் வேறொருவர் இன்பாக்ஸுக்குப் போனால் 300 நாள் கொடுத்தும் பயனில்லை. பணம் கட்டி பத்து நாளாகியும் பாலிசி வரவில்லை என்றால், வாடிக்கையாளர் சேவை எண்ணில் கூப்பிட்டு எந்த ஈமெயில், எந்த மொபைல் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். முகவரி தப்பாக இருந்தால் அன்றே எழுத்தில் திருத்தச் சொல்லி, பாலிசி இன்றுதான் தனக்குக் கிடைத்தது என்றும் அதிலேயே எழுதிவிட வேண்டும். பாலிசி உரியவரிடம் சேர்ந்தது என்று காட்ட வேண்டியது நிறுவனம் என்ற வாதத்துக்குப் பின்னால் அந்தக் கடிதம் உதவும்.

இரண்டாவது, பிடிஎஃப்-இல் எதைப் பார்ப்பது? நாற்பது பக்கத்தையும் படிக்கத் தேவையில்லை. முதல் சில பக்கங்களில் ‘ஷெட்யூல்’ என்ற அட்டவணை இருக்கும். அதில் ‘பிரீமியம் பேயிங் டெர்ம்’ எத்தனை ஆண்டு, ‘பாலிசி டெர்ம்’ எத்தனை ஆண்டு, பிரீமியம் கட்டும் முறை ‘சிங்கிள்’ என்று இருக்கிறதா ‘இயர்லி’ என்று இருக்கிறதா என்ற மூன்றே விஷயம். கூடவே ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ என்று சுருக்கமாக ஒன்று வரும். வருமான விளக்கப் பட்டியலில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு கணக்கு போட்டிருந்தால், அவை அனுமானம் மட்டுமே. ஏஜென்ட் எடுத்துச் சொல்வது பெரும்பாலும் 8-ஐ மட்டும்தான்.

மூன்றாவதுதான் கடிதம். இங்கே ஒரு எச்சரிக்கை. கோபத்தில் ஏஜென்ட் ஏமாற்றிய கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதி, ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடித்தால், நிறுவனம் அதைப் புகாராகப் பதிவு செய்து விசாரணையில் போட்டுவிடலாம். ரத்துக் கோரிக்கை அதற்குள் மறைந்துவிடும். இரண்டும் வேறு வேறு. முதலில் ரத்து, பிறகு வேண்டுமானால் புகார். ஈமெயிலின் தலைப்பிலேயே ‘ஃப்ரீ லுக் ரத்துக் கோரிக்கை’ என்று பாலிசி எண்ணுடன் போட வேண்டும். உள்ளே இவ்வளவு போதும்:

“மேற்கண்ட பாலிசி ஜூன் 9 அன்று எனக்குக் கிடைத்தது. ஒரே தவணை என்று கூறப்பட்டது, ஆனால் பாலிசியில் 10 ஆண்டு தவணை என்று உள்ளது. இந்த நிபந்தனை எனக்கு ஏற்புடையதல்ல. ஃப்ரீ லுக் காலத்துக்குள் பாலிசியை ரத்து செய்து, பிரீமியத்தை இத்துடன் உள்ள வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தவும்.”

கடிதம் பாலிசிதாரர் பெயரில், அவர் கையெழுத்தோடு, பதிவான ஈமெயிலிலிருந்து போக வேண்டும். மகன் தன் ஈமெயிலிலிருந்து அனுப்பினால் ‘பாலிசிதாரர் கேட்கவில்லையே’ என்று ஒரு வாரத்தை இழுத்தடிக்க இடமாகும். ரத்தான காசோலை ஒன்று, அடையாள அட்டை நகல், காகித பாலிசி வந்திருந்தால் அதன் அசல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கிளையில் நேரில் கொடுப்பதாக இருந்தால், அது ஆத்தூரில் இல்லாமல் சேலம் வரை போக வேண்டியிருந்தாலும், நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பக் கூடாது. ‘சிஸ்டம்ல போட்டுட்டோம் சார்’ என்பது அத்தாட்சி ஆகாது. சேவைக் கோரிக்கை எண் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு திரும்ப வரும்? மூன்றே பிடித்தம்தான் செய்யலாம்: காப்பீடு நடப்பில் இருந்த நாட்களுக்கான ரிஸ்க் பிரீமியம், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு, முத்திரைத் தீர்வை. காப்பீட்டுத் தொகை 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை பொதுவாக ஆயிரத்துக்கு 20 பைசா, ஆக 200 ரூபாய். ஆண்டு ரிஸ்க் பிரீமியம் 6,000 என்றால், ஜூன் 26 அன்று ரத்துக்குக் கொடுத்தபோது கழிந்த 20 நாளுக்குச் சுமார் 330 ரூபாய். பரிசோதனைச் செலவு 1,500 என்று வைத்தாலும் மொத்தப் பிடித்தம் 2,030 ரூபாய்தான். ஒரு லட்சத்தில் சுமார் 97,970 திரும்ப வரும். ஏஜென்ட் கமிஷன், ‘நிர்வாகச் செலவு’ என்று பட்டியலில் ஏதாவது இருந்தால் கேள்வி கேட்கலாம். யூலிப் பாலிசியாக இருந்தால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். ரத்தாகும் நாளில் யூனிட் விலை இறங்கியிருந்தால் அந்த நஷ்டம் உங்களுடையது.

இதே பணத்தை ஃப்ரீ லுக் முடிந்த பிறகு, முதல் ஆண்டு முடிவதற்குள் வேண்டாம் என்று சொன்னால் சரண்டர் மதிப்பாக எதுவும் கிடைக்காது. ஓராண்டு முடிந்த பிறகு புதிய விதிகளின்படி கிடைத்தாலும், கட்டியதில் ஒரு பகுதிதான். பிழைப்பதும் இழப்பதும் இந்த 30 நாளில்தான் இருக்கிறது.

கோரிக்கை கிடைத்த 7 நாளுக்குள் நிறுவனம் பணத்தைத் திருப்ப வேண்டும். ஜூன் 26-ல் கொடுத்தால் ஜூலை 3. இந்த வாரத்தில்தான் போன்கள் வரும். ரத்தானால் ஏஜென்ட்டின் கமிஷனும் திரும்பப் போய்விடும் என்பதால் அவர் சும்மா இருக்கமாட்டார். “அண்ணே, ஒரு மாசம் பொறுங்க, வேற ப்ளானுக்கு மாத்தித் தரேன்” என்பார். ஃப்ரீ லுக் முடிந்த பிறகு அந்த மாற்றம் நடக்காது. ஆத்தூர் மாதிரி ஊரில் ஏஜென்ட் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ தெரு தள்ளி இருப்பவராகவோ இருப்பதால், ரத்து செய்வதை மரியாதைக் குறைவாக நினைத்தே பல பெரியவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ‘பையன் கேட்கச் சொன்னான்’ என்று பழியைப் பையன் மேல் போட்டுவிடலாம், அதற்கு யாரும் கோபப்படமாட்டார்கள். கம்பெனியிலிருந்து வரும் அழைப்பிலும் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று சொல்லிவிடக் கூடாது. அது கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாகப் பதிவாகிவிடும் வாய்ப்பு உண்டு. ‘எழுதிக் கொடுத்ததுதான் என் முடிவு’ என்பது போதும்.

ஏழு நாளில் பணம் வரவில்லை, அல்லது ‘காலம் முடிந்துவிட்டது’ என்று மறுத்துவிட்டார்கள் என்றால், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, கூடவே bimabharosa.irdai.gov.in தளத்தில் புகார் பதியலாம். 155255 என்ற இலவச எண்ணும் உண்டு. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் அடுத்தது காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். புகாரை ஆன்லைனிலேயே கொடுக்கலாம், சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியது பாலிசி வந்த ஈமெயிலின் ஸ்க்ரீன்ஷாட், அனுப்பிய ரத்துக் கடிதம், கோரிக்கை எண், ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு. ‘அஞ்சு வருஷத்துல ரெட்டிப்பு’ என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் தாளை இப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.