ஓரக்குறிப்பையும் மொழிபெயர்க்க வேண்டும்



குடியேற்ற ஆவணங்கள் பற்றிய உங்கள் கட்டுரை நோட்டரி முத்திரைக்குத் தந்த முக்கியத்துவம் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கக் குடியேற்றத் துறை அதைக் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, தமக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட ஆங்கில உறுதிமொழியே வேண்டும்.

என் மருமகள் புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பிரான்சின் நான்ட் நகரப் பதிவகத்திலிருந்து வந்த அவர் பிறப்புச் சான்றிதழின் ஓரத்தில் திருமணக் குறிப்பு இருந்தது. கோவையில் மொழிபெயர்த்தவர் அதையும் முத்திரையையும் விட்டுவிட்டார். முழு மொழிபெயர்ப்பு கேட்டு அத்துறையிடமிருந்து கடிதம் வந்து, மாதக்கணக்கில் தாமதம்.

எனவே சான்றிதழின் சுருக்கப் பிரதி வேண்டாம். முழுப் பிரதியே வாங்குங்கள். ஓரக்குறிப்பையும் முத்திரை வாசகத்தையும் மொழிபெயர்த்து, கையெழுத்து இருக்குமிடத்தில் ‘கையெழுத்து’ என்று ஆங்கிலத்தில் அடைப்புக்குறியில் குறிக்க மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லுங்கள்.

– வாசகி, பொள்ளாச்சி