துணிச்சலானது என்றால், எந்தப் பக்கத்தில்?

பெண் எழுதிய நூலுக்கு வரும் மதிப்புரைகளை நான் கையில் பென்சிலோடுதான் வாசிக்கிறேன். ‘துணிச்சலான’, ‘அந்தரங்கமான’, ‘வலிமிகுந்த’ என்ற சொற்கள் வரும் இடத்தில் ஒரு கோடு போடுவேன். அதற்கடுத்த இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் நூலிலிருந்து ஓர் இடத்தையாவது விமர்சகர் காட்டுகிறாரா என்று பார்ப்பேன். பெரும்பாலும் காட்டுவதில்லை. எந்தக் கதையில், எந்தக் காட்சியில், எந்த வாக்கியத்தில் அந்தத் துணிச்சல் இருக்கிறது என்று நூலைப் படிக்காதவர் கேட்டால் அந்த மதிப்புரையிடம் பதில் இருக்காது. படித்தவர் கேட்டாலும் இருக்காது.

வசையிலும் இதே கதைதான். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வெளிவந்தபோது எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். அதில் பெரும்பகுதி அட்டையோடு நின்றுவிட்டது. உள்ளே இருந்த கவிதைகளில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, இந்தப் படிமம் இங்கே இப்படி வேலை செய்கிறது, இங்கே செய்யவில்லை என்று பேசியவர்கள் குறைவு. அன்று வசைபாடியவருக்கும் இன்று ‘துணிச்சல்’ என்று முதுகில் தட்டிக்கொடுப்பவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவருமே எழுதியவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எழுதப்பட்டதைப் பற்றி அல்ல.

இதில் நம் பங்கும் இருக்கிறது. பெண்ணின் நூலைப் பெண் விமர்சிக்கும்போது, குறை சொன்னால் காட்டிக்கொடுத்ததாகிவிடுமோ என்ற தயக்கம் வருகிறது. அதனால் கதைச் சுருக்கத்துக்குள் ஒளிந்துகொள்கிறோம். சுருக்கம் பாதுகாப்பானது. கதையில் நடந்ததைச் சொன்னவளோடு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு நூல் விலை கொடுக்கிறது. மருமகள் வந்தாள், மாமனார் மறுத்தார், மாமியார் நோயுற்றார் என்று அடுக்கிவிட்டால் ஒரு கலைப்படைப்பு வாக்குமூலமாகச் சுருங்கிவிடும். பெண்கள் எழுதுவது ‘அனுபவப் பதிவு’தான் என்று சொல்கிறவர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒரு வரைவை எடுத்துப் பார்ப்போம். என் முதுகலை மாணவி ஒருத்தி அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்புக்கு மதிப்புரை எழுதி எடுத்துவந்தாள். 1988இல் க்ரியா வெளியிட்ட தொகுப்பு அது. தலைப்புக் கதைக்கு அவள் ஒதுக்கியிருந்த பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் இருபத்துநான்கு வாக்கியங்கள். பத்தொன்பதில் கதை இருந்தது. அஜ்மீரில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம், ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நீளும் அறைகள், கடைசியில் ஒட்டவைத்ததுபோல ஒரு சமையலறை, தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, வீட்டை ஆளும் பாபாஜி, மாமியார் ஜீஜி. எல்லாம் வரிசை மாறாமல் இருந்தது. மிச்சம் ஐந்து வாக்கியங்கள் கடைசிப் பத்தியில் வந்தன: ‘அம்பை மிகத் துணிச்சலாக எழுதியிருக்கிறார். ஆணாதிக்கத்தைத் தோலுரிக்கிறார். ஜீஜி ஒடுக்கப்பட்ட பெண்ணின் குறியீடு. மொழி எளிமையாகவும் ஆழமாகவும் இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் படிக்க வேண்டிய கதை.’

“இதுல என்ன மேம் தப்பு? எல்லாம் உண்மைதானே?” என்றாள்.

உண்மைதான். அதுதான் சிக்கல். இந்த ஐந்து வாக்கியங்களையும் அப்படியே வெட்டி ராஜம் கிருஷ்ணனுக்கு ஒட்டலாம், சல்மாவுக்கு ஒட்டலாம், நாளை எழுதப்போகும் ஒருத்திக்கும் முன்கூட்டியே ஒட்டி வைக்கலாம். எந்த நூலுக்கும் பொருந்தும் தீர்ப்பு எந்த நூலையும் படித்ததற்கு அடையாளமில்லை.

வாக்கியத்துக்கு வாக்கியம் ஓரத்தில் குறி போடச் சொன்னேன். கதையில் இருப்பதைச் சொன்னால் ‘க’, தன் கருத்தைச் சொன்னால் ‘தீ’. குறி போட்டு முடித்தபோது முதல் பக்கம் முழுக்க ‘க’, கடைசியில் ஒரு கொத்து ‘தீ’. எண்ணிக்கை ஏறுமாறாக இருந்தது ஒரு பக்கம். அதைவிட என்னை உறுத்தியது இரண்டும் எங்குமே ஒன்றையொன்று தொடவில்லை என்பது. சமநிலை என்றதும் பலர் பாதிக்குப் பாதி என்று எண்ணிக்கொள்கிறார்கள். பத்து வரி கதை, பத்து வரி கருத்து என்று பிரித்து வைத்தாலும் இந்த நோய் தீராது. ஒவ்வொரு கருத்துக்கும் அதைத் தாங்கும் அளவுக்குக் கதை வேண்டும். அதற்கு மேல் இருக்கும் கதையை வாசகி நூலிலேயே படித்துக்கொள்வாள். இப்படி எழுதினால் சுருக்கம் தானாகவே மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே ‘தீ’யிலிருந்து தொடங்கினோம். ‘ஆணாதிக்கத்தைத் தோலுரிக்கிறார்.’ எந்த இடத்தில்? அவள் முதலில் காட்டியது பாபாஜியின் பேச்சை. அது சரியான சான்றுதான், ஆனால் எல்லோர் கண்ணிலும் படுவது. இன்னும் தேடு என்றேன். இரண்டு நாள் கழித்து, குழாயடித் தொட்டியைப் பற்றிய விவரிப்பில் விரலை வைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு தொட்டி. பெரிய தட்டு ஒன்றை வைக்கக்கூட இடமில்லை. கீழே தண்ணீரைத் தடுக்க மேடு எதுவும் கிடையாது. குழாயைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் நிற்பவளின் காலடியில் தண்ணீர் தேங்கிவிடும். அந்த ஈரத்தில் நின்று நின்று பாதம் வெடிக்கும். ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை. தொட்டியைப் பெரிதாக்கலாம், வெளியே வராந்தாவை நீட்டலாம் என்று மீனாட்சி யோசனை சொல்கிறாள். நடப்பது என்னவென்றால், வராந்தாவில் துணி உலர்த்தக் கொடிகள் கட்டப்படுகின்றன, மலையும் மறைந்துபோகிறது.

இந்த இடத்தை வைத்து அவள் திருத்தி எழுதியது இது: ‘வீட்டில் யார் அதிகாரம் செலுத்துகிறார் என்பதை அம்பை பேச்சில் சொல்வதைவிடக் கட்டுமானத்தில் சொல்கிறார். தட்டு கொள்ளாத தொட்டியைக் கட்டியவர் அதன் முன் ஒருநாளும் நின்றதில்லை. மாற்றம் கேட்டவளுக்கு மறுப்புகூட வரவில்லை, துணிக்கொடி வந்தது. இருந்த ஒரே காட்சியும் போனது.’ நான்கு வாக்கியங்கள். கதையும் கருத்தும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன, எதற்கு ‘க’, எதற்கு ‘தீ’ என்று பிரித்துக் குறி போடுவதே கஷ்டம். ‘தோலுரிக்கிறார்’ என்ற சொல் தானே உதிர்ந்துவிட்டது. பக்க எண்ணையும் பதிப்பாண்டையும் சேர்க்கச் சொன்னேன். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். ஆண்டு இல்லாத பக்க எண் வாசகியை அலையவிடும்.

அடுத்தது ‘ஜீஜி ஒடுக்கப்பட்ட பெண்ணின் குறியீடு’. இதற்கு ஆதரவாக மூன்று இடங்களை அவள் உடனே காட்டினாள். ஆதரவான இடம் எளிதில் கிடைக்கும். ஏனென்றால் நாம் தேடுவதே அதைத்தான். எதிரான இடம் இருக்கிறதா என்று அதற்குப் பிறகு ஒருமுறை நூலைப் புரட்ட வேண்டும். மதிப்புரை எழுதுபவர்கள் அதிகம் தாண்டிப் போகும் வேலை இது, கல்வித்துறைக்காரர்களும் சேர்த்தி. புரட்டியபோது கிடைத்தது: புது மணப்பெண்ணாக வந்த ஜீஜிக்கு அவள் மாமியார் சொல்லும் அறிவுரை. சமையலறையை விட்டுவிடாதே, அலங்காரத்தை விட்டுவிடாதே, உன் பலம் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது என்கிறாள். அதை நம்பித்தான் ஜீஜி அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறாள். படீ ஜீஜியோடு நடக்கும் இழுபறியும் அதே அதிகாரத்துக்காகத்தான். ஆக, அவள் வெறுமனே ஒடுக்கப்பட்டவள் இல்லை. அவளிடம் ஒரு ராஜ்ஜியம் இருக்கிறது, அதன் எல்லை அந்தச் சமையலறைச் சுவர். ‘குறியீடு’ என்ற சொல்லை அடித்துவிட்டு மாணவி இப்படி எழுதினாள்: ‘ஜீஜி தன் சிறையின் சாவியைத் தானே இடுப்பில் செருகியிருக்கிறாள். அதைப் பெருமையாகவும் நினைக்கிறாள். கதை அவளுக்காக இரக்கப்படுவதோடு நிற்காமல், அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது.’ கொஞ்சம் அலங்காரமான வாக்கியம். இருந்தாலும் அதன் கீழே மாமியாரின் அறிவுரை வரும் பக்கம் இருக்கிறது. பிடிக்காதவர் போய்ப் பார்த்துவிட்டு மறுக்கலாம்.

மறுக்க முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை. ‘ஆழமான மொழி’ என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. அந்த வாக்கியத்தை அவளால் எந்த இடத்தோடும் இணைக்க முடியவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு நீக்கினாள். ‘ஒவ்வொரு பெண்ணும் படிக்க வேண்டிய’ என்பதையும் நீக்கச் சொன்னேன். ஆண்கள் படிக்க வேண்டாமா? சமையலறையைக் கட்டியவர் பாபாஜிதானே.

‘துணிச்சல்’ மட்டும் மிஞ்சியது. அதை எங்கே வைப்பது என்று பேசும்போதுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. கதையின் பிற்பகுதியில், நோயுற்றிருக்கும் ஜீஜியோடு மீனாட்சி இரவில் தனியாக இருந்து பேசும் இடம் ஒன்று உண்டு. சமையலறையும் நகையும் பலமென்று நினைத்திருக்காவிட்டால் நீங்கள் எதையெல்லாம் கண்டுபிடித்திருக்கலாம் என்கிறாள். ஆப்பிள் விழுவதைப் பார்த்திருக்கலாம், புதிய கண்டங்களைக் கண்டிருக்கலாம், கவிதை எழுதியிருக்கலாம், குகைச் சுவரில் ஓவியம் தீட்டியிருக்கலாம் என்று போகிறது அந்தப் பேச்சு. மாணவிக்குத் துணிச்சல் என்றால் அந்தப் பேச்சுதான். ஒரு மருமகள் மாமியாரிடம் இப்படிப் பேசி வேறெங்கே படித்திருக்கிறோம் என்று கேட்டாள்.

எனக்கு அந்த இடத்தில் ஒரு குறை இருக்கிறது. தொட்டியும் துணிக்கொடியும் ஏற்கெனவே சொல்லிவிட்டதை மீனாட்சி மறுபடி விளக்குகிறாள். ஜீஜி அதிகம் பேசாத இடத்தில் இளையவள் அதிகம் பேசுகிறாள். கதை தன் படிமங்களை ஒரு கணம் நம்பாமல் போகிறது என்பது என் வாசிப்பு. அம்பையைப் படித்து வளர்ந்தவள் நான். அதனாலேயே இதைச் சொல்லாமல் விடுவது அவரைச் சலுகை விலையில் வாசிப்பது போல எனக்குப் படுகிறது.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “ஜீஜி பேசாம இருக்கிறதுதான் மேம் அங்க விஷயம். எத்தனை வருஷமா அவகிட்ட யாரும் இப்படிப் பேசல. ஒருத்தி முதல்தடவை பேசும்போது நீளமாத்தான் வரும்” என்றாள். புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைப் படித்தும் காட்டினாள். அவள் சொன்னதற்கு அதில் இடம் இருந்தது. நான் சொன்னதற்கும் இருந்தது.

கடைசி வரைவில் பதினாறு வாக்கியங்கள் நின்றன. இரவுப் பேச்சைப் பற்றி மூன்று. முதல் வாக்கியத்தில் அது நீளமானது என்று ஒத்துக்கொண்டு, அடுத்த இரண்டில் ஏன் நீள வேண்டியிருந்தது என்று காரணம் சொல்லியிருந்தாள். ‘துணிச்சல்’ அங்கே ஒரே ஒருமுறை வந்தது, பக்க எண்ணோடு. நான் அதன் ஓரத்தில் என் ஆட்சேபத்தைப் பென்சிலால் எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மதிப்புரை அவள் பெயரில் போகிறது. அவள் எழுதியபடியே அனுப்பினாள்.