எப்சம் தரிப்பிடத்தில் சாரதி மாறும்போது

ஒக்லாந்தில் வாழும் நம்மவர்கள் பலருக்கு 2022 இன் கடைசி மாதங்கள் மறந்திருக்காது. பஸ் வரும் என்று தரிப்பிடத்தில் நிற்போம். பலகையில் அந்தப் பஸ் திடீரென மறைந்துவிடும். நூற்றுக்கணக்கான சாரதிகள் குறைவாக இருந்ததால், அந்த ஆண்டு நவம்பரில் ஒக்லாந்து போக்குவரத்து நிறுவனம் நாளொன்றுக்கு ஆயிரம் வரையான ஓட்டங்களை நேரசூசியிலிருந்து தற்காலிகமாக நீக்கியது. வராத பஸ்ஸுக்காகக் காத்திருப்பதைவிட, வராது என்று முன்பே தெரிவது நல்லது என்பதே அதற்குச் சொன்ன காரணம். 2023 இல் வெளிநாட்டுச் சாரதிகள் வந்து சேர, நிலைமை சீரானது.

சம்பளம் குறைவு, கொரோனா, எல்லை மூடல் என்று அப்போது பேசினோம். அவை உண்மைதான். ஆனால் சாரதி ஒருவர் வேலையை விடுவதற்கும், புதியவர் ஒருவர் சேரத் தயங்குவதற்கும் இன்னொரு காரணம் உண்டு. அது டிப்போவின் பின்னறையில், நேரசூசியைச் சாரதிகளின் கடமைகளாக வெட்டும் மேசையில் உருவாகிறது. அந்த மேசையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

முதலில் சட்டம். நியூசிலாந்தின் 2007 ஆம் ஆண்டு வேலைநேர விதியின் பொது ஒழுங்கின்படி, சாரதி ஐந்தரை மணித்தியாலம் வேலை செய்தால் அரை மணித்தியால ஓய்வு எடுக்க வேண்டும். ஒரு வேலைநாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது. அடுத்த வேலைநாளுக்கு முன் தொடர்ச்சியாகப் 10 மணித்தியாலம் ஓய்வு வேண்டும். இங்கே கணக்கில் வருவது வேலைநேரம், ஸ்டியரிங் பிடித்த நேரம் மட்டுமல்ல. காலையில் டயரையும் விளக்கையும் பார்க்கும் கால் மணித்தியாலமும், டிப்போவிலிருந்து தரிப்பிடத்துக்குப் போகும் நேரமும் அதற்குள் அடங்கும்.

இதை எப்சம் வழியாக ஓடும் 30 ஆம் இலக்க பஸ்ஸில் வைத்துப் பார்ப்போம். அது ஒனஹுங்காவில் தொடங்கி, மனுக்காவ் வீதியால் எப்சமைக் கடந்து, நியூமார்க்கெட் ஊடாக நகர மையத்துக்குப் போகிறது. கீழே வரும் நேரங்கள் விளக்கத்துக்காக நாமே போட்ட முழு எண்கள், உண்மையான நேரசூசி அல்ல. போக 50 நிமிடம், முனையில் 10 நிமிடம் தரிப்பு, திரும்பி வரவும் அதே அளவு. ஒரு சுற்று இரண்டு மணித்தியாலம். சாரதி 5.25க்குக் கையெழுத்திட்டு, 5.40க்கு டிப்போவை விட்டு, 6.00 மணிக்கு ஒனஹுங்காவிலிருந்து புறப்படுகிறார். பஸ் இரவு 8.05க்குத் திரும்புகிறது, கடைசிச் சாரதியின் வேலை 8.15க்கு முடிகிறது.

சாரதி மாறும் இடம் ஒனஹுங்கா முனை என்று வைப்போம். பஸ் அங்கே 7.50, 9.50, 11.50 என்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் வரும். முதல் சாரதியின் ஐந்தரை மணித்தியாலம் 10.55க்கு முடிவதால் 11.50 வரை அவரை விட முடியாது. 9.50க்கே இறக்க வேண்டும். அடுத்தவரும் 1.50க்கு இறங்க வேண்டும், அதற்கடுத்தவர் 5.50க்கு. ஒரு பஸ்ஸின் நாள் நான்கு துண்டாகிறது. கடைசித் துண்டு இரண்டரை மணித்தியாலம்கூட இல்லை.

இப்போது மாறும் இடத்தை எப்சமுக்குக் கொண்டுவருவோம். அது பாதையின் நடுப்பகுதியில் இருப்பதால் போகும்போதும் வரும்போதும் பஸ் அதைக் கடக்கிறது: 6.25, 7.25, 8.25 என்று மணிக்கு ஒருமுறை. முதல் சாரதி 10.25 வரை ஓட்டலாம், அடுத்தவர் 3.25 வரை, மூன்றாமவர் மிச்சத்தை. நான்கு துண்டு மூன்றாகிவிட்டது. ஒரு சாரதியையும் கூட்டவில்லை, ஒரு ஓட்டத்தையும் குறைக்கவில்லை, கைமாற்றும் இடத்தை மட்டும் நகர்த்தினோம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டாவது சாரதி டிப்போவில் கையெழுத்திட்டு எப்சமுக்கு வர 20 நிமிடம் என்றால், அவருடைய கணக்கு 10.05க்கே தொடங்குகிறது. 3.25க்கு இறங்கும்போது 5 மணித்தியாலம் 20 நிமிடம் ஆகிவிடும். மிச்சம் பத்தே நிமிடம். பாடசாலை விடும் நேரத்தில் மனுக்காவ் வீதியில் பத்து நிமிடம் தாமதமாவது ஒரு புதினமா? எப்சமிலும் அதைச் சுற்றியும் எத்தனை பாடசாலைகள் இருக்கின்றன என்று பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெற்றோருக்குத் தெரியும். தாளில் சட்டபூர்வமான கடமை வீதியில் சட்டத்தை மீறுகிறது. இது ரத்தான ஓட்டங்களின் பட்டியலில் தெரியாது. கைமாற்றல் எத்தனை மணிக்கு நடந்தது என்ற பதிவைப் பார்த்தால்தான் தெரியும். ஒரே கடமை கிழமைக்கு இரண்டு மூன்று முறை பிந்தினால், பிழை சாரதியில் இல்லை, வெட்டிய இடத்தில்தான். கைமாற்றும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்பதும் அற்பக் கேள்வியல்ல. தாமதமான பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரும் மனிதர்தான்.

இதைவிடக் கடினமானது காலை, மாலை நெரிசல் பஸ்களின் கதை. அவை காலையில் மூன்று மணித்தியாலம், பின்னேரம் மூன்று மணித்தியாலம் ஓடும். நடுவில் டிப்போவில் நிற்கும். இவற்றுக்குத்தான் நம்மவர்கள் ‘ஸ்பிளிட்’ என்று சொல்லும் பிரிந்த கடமை. சம்பளம் ஏழு மணித்தியாலத்துக்கு என்றாலும், வீட்டை விட்டுப் போவது பன்னிரண்டு மணித்தியாலம்.

இந்த மொத்த நீளத்துக்கு இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 12 மணித்தியாலம் என்று நேரடியாக எல்லை போட்டது. கடமையை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கவும் கூடாது என்றது. பிரித்தானிய உள்நாட்டு விதியில் எல்லை 16 மணித்தியாலம். நியூசிலாந்தின் வேலைநேர விதியோ வேலையை எண்ணுகிறது. நடுவில் கிடக்கும் நான்கு ஐந்து மணித்தியாலம் ஓய்வாகக் கழிந்துவிடும். 24 இலிருந்து கட்டாய ஓய்வான 10 ஐக் கழித்தால் வரும் 14 தான் நடைமுறையில் எல்லை. அதற்குக் கீழே சாரதியைக் காப்பது தொழிற்சங்க ஒப்பந்தமே.

ஆனால் எல்லாவற்றையும் சட்டத்தின் தலையில் போட முடியாது. மூன்று காலைத் துண்டுகள் 5.45, 6.15, 7.00 மணிக்குத் தொடங்குகின்றன, மூன்று மாலைத் துண்டுகள் 5.30, 6.10, 6.40க்கு முடிகின்றன என்று வைப்போம். முதலில் வந்தவர் முதலில் போகட்டும் என்று சோடி சேர்த்தால் மூவருக்கும் பன்னிரண்டுக்குள் அடங்கும்: 11.45, 11.55, 11.40. கவனமில்லாமல் சேர்த்தால் 5.45க்கு வந்தவர் 6.40க்குப் போவார், அவருக்கு 12 மணித்தியாலம் 55 நிமிடம். 7.00 மணிக்கு வந்தவரோ பத்தரை மணித்தியாலத்தில் வீட்டில் நிற்பார். செலவு இரண்டிலும் ஒன்றுதான். கணினி நிரலுக்குச் செலவை மட்டும் குறைக்கச் சொன்னால் அதற்கு இரண்டும் ஒன்றே. நீளமான நாளுக்குத் தண்டப்புள்ளி போடச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

2022 இல் நடந்ததை இதோடு பொருத்திப் பார்த்தால் விளங்கும். ஸ்பிளிட் கடமைச் சாரதி ஒருவர் விலகினால், பயணிகள் அதிகம் நிற்கும் இரண்டு வேளைகளிலும் ஓட்டங்கள் விழுகின்றன. மிஞ்சியிருப்பவர்களைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பப் போனால் 10 மணித்தியால ஓய்வு குறுக்கே நிற்கும். முதல் நாள் இரவு 11.30க்கு முடித்தவரை மறுநாள் காலை 9.30க்கு முன் எடுக்க முடியாது, அதற்குள் காலை நெரிசல் முடிந்துவிடும்.

பிறகு சம்பளம் கூட்டப்பட்டது. 2023 இல் பஸ் சாரதிகளுக்கு வேலைவழி வதிவிடப் பாதையும் திறந்தது. இந்த வேலைக்கு வரும் நம்மவர்கள் ஒப்பந்தத்தில் மணித்தியாலச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். ஸ்பிளிட் நாளின் ஆகக்கூடிய நீளம் எவ்வளவு, நடுவேளைக்கு ஏதும் படி உண்டா, சாரதி மாறும் இடத்துக்குப் போகும் நேரம் சம்பளத்தில் சேருமா என்று முதலில் கேளுங்கள். பிந்தைய கேள்விக்கு வாயால் தரும் பதில் போதாது. மாதிரிக் கடமைத் தாள் ஒன்றை வாங்கி, கையெழுத்திடும் நேரத்துக்கும் பஸ்ஸில் ஏறும் நேரத்துக்கும் இடையில் எத்தனை நிமிடம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.