எல்இடி பல்பு இதுக்கு உதவாது

காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கு. அந்த மாதிரி இடங்களில் சென்ட்ரிஃபியூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும், அழுத்தம்தான் குறையும். அதனால் கேபிள் மாத்தினால் ஃபேஸ் வரிசையை முதலில் பார்க்கணும்.

அதுக்கு ஒரு கெப்பாசிட்டர், ரெண்டு ஒரே மாதிரி பல்பு போதும். மூன்றையும் ஸ்டாரில் இணைத்து, நடுமுனையை நியூட்ரலில் சேர்க்காமல் விடணும். கெப்பாசிட்டர் ஆர் ஃபேஸில் இருந்தால், அதற்கு அடுத்து வரும் ஃபேஸின் பல்பு பளிச்னு எரியும், மற்றது மங்கும்.

எங்க லேபில் எல்இடி பல்பு மாட்டினோம். ரெண்டும் ஒரே வெளிச்சம்! உள்ளே இருக்கும் டிரைவர் வோல்டேஜ் வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடுது. குண்டு பல்புதான் வேணும்.

ஆனா 415 வோல்ட் சப்ளையில், கெப்பாசிட்டரின் ரியாக்டன்ஸும் பல்பின் ரெசிஸ்டன்ஸும் சமமானால், பளிச் பக்கம் சுமார் 360 வோல்ட், மங்கல் பக்கம் 96. 240 வோல்ட் பல்பு ஒன்றை மட்டும் போட்டால் ஃபியூஸ் ஆகிடும். பக்கத்துக்கு ரெண்டு 60 வாட் பல்பை சீரீஸில் போடணும். ஃபேன் கெப்பாசிட்டர், 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் ஏசி, இதுக்குப் போதும். லேப் மேனுவலில் இந்த சீரீஸ் விஷயத்தைச் சேர்க்கணும், பீரோவில் நாலு குண்டு பல்பும் வைக்கணும்.