காலியாகக் கிடந்த கோடுகள்

அக்கா மகன் துபாய்க்குப் படிக்க வந்த ஆகஸ்டில் அவனுக்கு ஸ்டுடியோ பார்த்துக் கொடுத்தது நான்தான். புரோக்கரும் என் கண்டுபிடிப்புதான். நம்ம ஊர்ப் பக்கத்து ஆள், நம்ம பசங்க நாலைந்து பேருக்கு ரூம் எடுத்துக் கொடுத்தவர். அந்த நாலைந்து பேரில் எத்தனை பேர் நிம்மதியாக இருந்தார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

வீடு பார்த்த அன்று புரோக்கர் மூன்று விஷயம் சொன்னார். சில்லர் ஃப்ரீ, அதாவது ஏசிக் குளிர்ச்சிக்குத் தனிப் பில் வராது. இன்டர்ன்ஷிப் வேறு ஊரில் கிடைத்தால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு வீட்டைக் காலி செய்துகொள்ளலாம். குடி போகுமுன் சுவருக்குப் பெயின்ட் அடித்து, ஏசியைச் சர்வீஸ் செய்து தருவார்கள். "நான் இருக்கேன்ல அண்ணே" என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. பையன் மட்டும் பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து ஒப்பந்தம் வந்தது. ஆண்டு வாடகை 36,000 திர்ஹம், நாலு செக். டெபாசிட் 1,800, கமிஷன் 1,800. பையனிடம் செக் புத்தகம் இல்லாததால் வாடகை செக்குகள் என்னுடையவை. வீட்டுக்காரர் பெயருக்கு எழுதினேன். அந்த அளவுக்காவது எனக்கு விவரம் இருந்தது. பையன் தாளைப் படிக்க ஆரம்பித்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. எதிரில் மனுஷர் காத்துக்கொண்டிருக்கிறார், இவன் என்னமோ பரீட்சைத் தாள் மாதிரி புரட்டுகிறானே என்று. "எல்லாம் வழக்கமான ஃபாரம்தான்டா, போடு" என்றேன். போட்டான்.

ராத்திரி பதினொன்றரைக்கு போன் வந்தது. "மாமா, அந்த அண்ணன் சொன்ன மூணுமே இதுல இல்லையே."

நான் பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். ஏழு வீடு மாறியிருக்கிறேன். துபாயின் வாடகை ஒப்பந்தப் படிவத்தில் ‘கூடுதல் நிபந்தனைகள்’ என்று ஒரு பகுதி இருப்பதும், பேசியதை எழுதத்தான் அங்கே கோடு போட்டு வைத்திருப்பதும் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. அந்தக் கோடுகள் காலியாக இருந்தன. பின்னால் இணைத்திருந்த தாளில், குளிரூட்டும் கட்டணம் குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒரு வரி அச்சாகியிருந்தது.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குளிர்நீர் தரும் கம்பெனி இரண்டு வகையாகப் பணம் வாங்குகிறது. ஒன்று நாம் பயன்படுத்திய அளவுக்கு. இன்னொன்று, வீட்டுக்கென்று ஒதுக்கிய திறனுக்கான நிலைக்கட்டணம்; ஏசியைப் போடாவிட்டாலும் அது வரும். இந்த வீட்டுக்கு அது மாதம் 250 என்று கட்டடத்துக் காவலாளி சொன்னார். வருஷத்துக்கு 3,000. 38,000 வாடகை என்று நாங்கள் ஒதுக்கிய பக்கத்துக் கட்டடத்தில் குளிர்ச்சிக்கான கட்டணம் நிஜமாகவே வாடகைக்குள் அடக்கம். மலிவு என்று எடுத்த வீடு, ஏசியை ஒரு நாள்கூடப் போடாமலே ஆயிரம் திர்ஹம் கூடுதல்.

சில்லரைவிட என்னை உலுக்கியது காலி செய்கிற விஷயம். துபாயில் 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் வாடகைச் சட்டம், 7ஆம் பிரிவில், ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஒரு தரப்பு மட்டும் நினைத்து அதை முறிக்க முடியாது என்கிறது. இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும், அல்லது சட்டமே காரணம் தர வேண்டும். ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும் என்பது தாளில் இருந்தால்தான் உண்டு. பராமரிப்பில் கதை நேர்மாறு. 16ஆம் பிரிவின்படி, வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தாலொழிய அது வீட்டுக்காரர் பொறுப்பு. ஏசி பழுதுக்குத் தாள் மௌனமாக இருந்தால் பையனுக்கு லாபம். வெளியேறுவதற்கு மௌனமாக இருந்தால் வருஷம் முழுக்க அவன் கட்டுண்டவன். எந்த மௌனம் யாருக்குச் சாதகம் என்று தெரியாமலே ஏழு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வழக்குக்குப் போகலாமா என்று பையன் கேட்டான். வாடகைத் தகராறு மையத்தில் வழக்குக் கட்டணம் ஆண்டு வாடகையில் 3.5 சதவீதம். 36,000க்கு 1,260. வாக்குக்கு ஆதாரமான புரோக்கரின் வாய்ஸ் மெசேஜ் தமிழில் இருக்கிறது, அதை அரபுக்கு மொழிபெயர்த்துத் தர வேண்டும். அதற்குப் பிறகும், வாக்குக் கொடுத்தவர் வீட்டுக்காரர் இல்லையே.

புரோக்கரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவரை வளர்த்தது யார்? நாம்தான் அவர் நம்பரை ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் நம்பவில்லையா என்பாரோ என்று பயந்தோம். ஊரிலேயே பழகியதுதான் இது. பதினோரு மாத ஒப்பந்தத்தை இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் யாரோ டைப் அடித்துத் தர, விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள் நாம். ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால்தான் அது பதினொன்று. அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டோம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதையே அனுபவம் என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

ஒரு நல்ல காலம், வீட்டுக்காரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, எஜாரியில் பதிவாகவும் இல்லை. பையன் புரோக்கரைத் திட்டாமல் மூன்று வரி எழுதி, வீட்டுக்காரருக்கும் நகல் போகும்படி மெயில் அனுப்பினான். அடுத்த நாள் வீட்டுக்காரரே பேசினார். நல்ல மனிதர். சில்லர் ஃப்ரீ என்று தான் யாரிடமும் சொல்லவில்லை, அது முடியாது என்றார். பெயின்டுக்கும் சர்வீசுக்கும் சம்மதித்தார். நடுவில் காலி செய்வதென்றால் இரண்டு மாத முன்னறிவிப்பும் ஒரு மாத வாடகையும் என்று நின்றார். அவை கூடுதல் நிபந்தனைகளில் ஏறின, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் அந்தப் பாதி தாளில் இருக்கிறது. அதைக் கேட்க எங்களுக்குச் செலவானது ஒரு மெயில்.

இதோடு முடித்திருந்தால் நான் நல்ல மாமாவாகவே இருந்திருப்பேன். ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது காரில் பையன் கேட்டான்: "மாமா, உங்க வீட்டுல இருக்கிற ரெண்டு பசங்களுக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

ஒன்றும் இல்லை. என் ஃபிளாட்டின் ஓர் அறையில் மூன்று வருஷமாக இரண்டு பேர் இருக்கிறார்கள். சமைக்கலாம், வைஃபை உண்டு, போகும்போது டெபாசிட் கிடைக்கும். எல்லாம் வாய் வார்த்தை. ரமலானுக்குப் பிறகு சமையலுக்கு நேரம் குறித்தேன், யாரையும் கேட்கவில்லை. உள்வாடகைக்கு விட வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பசங்களுக்கு நானும் ஒரு ‘நான் இருக்கேன்ல’ அண்ணன்தான்.

வெள்ளிக்கிழமை இருவரையும் உட்கார வைத்து, வாங்கிய டெபாசிட் எவ்வளவு, எந்த மாதம் என்று எழுத ஆரம்பித்தேன். தொகை எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களுக்கு இருந்தது. அனுமதி கேட்டு என் வீட்டுக்காரருக்கும் மெயில் போட்டேன். போட்டு ஆறு நாளாகிறது, பதில் இன்னும் வரவில்லை.